முந்நூறு பேரை வைத்து எந்தக் கேள்வியைக் கேட்கலாம்? இளங்கலை புராஜெக்ட் தலைப்பு பற்றி ஒரு இழை

பாவூர்சத்திரத்துப் பிள்ளை · ஜனவரி 6

பி.ஏ. சமூகவியல், மூன்றாம் ஆண்டு. பாளையங்கோட்டையில் படிக்கிறேன். நான்கு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட். மாணவர் வாழ்க்கை பற்றி சர்வே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் இரண்டு ஷிப்ட்டும் சேர்த்து 1,400 பேர். என்ன ஓடினாலும் முந்நூறு படிவம்தான் வாங்க முடியும். வழிகாட்டியோ 384 பேர் இல்லாமல் வராதே என்கிறார். சீனியர்கள் வருஷா வருஷம் 'சமூக ஊடகமும் மன அழுத்தமும்' எடுத்து பாஸாகிவிடுகிறார்கள். முந்நூறு பேரை வைத்து வேறு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன். அதையே எடுத்துவிடட்டுமா?

பாளை டீச்சர் · ஜனவரி 6

எடுக்காதே மக்கா. இந்தத் தலைப்பில் வந்த அறிக்கைகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். முந்நூறு பேருக்கு இருக்கிற தலைப்புகளிலேயே மிக மோசமானது இதுதான்.

முதல் காரணம், உங்கள் வகுப்பில் போன் பார்க்காத ஆள் யார்? எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு பார்க்கிறார்கள். பார்க்கிறவர், பார்க்காதவர் என்று இரண்டு கூட்டம் இல்லாத இடத்தில் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? அடுத்தது, 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள்' என்று கேட்டால் வருவது நினைவு இல்லை, ஊகம். போனே காட்டுகிற கணக்கோடு வைத்துப் பார்த்தால் பலருக்கு எங்கேயோ நிற்கும். இதையெல்லாம் தாண்டி ஒரு சின்னத் தொடர்பு கிடைத்தாலும், போன் பார்த்ததால் மனம் கெட்டதா, மனம் சரியில்லாததால் போன் பார்த்தார்களா என்பதை ஒரே ஒரு முறை கொடுத்த படிவம் சொல்லாது.

முந்நூறு பேருக்கு ஏற்ற தலைப்பு எது என்றால், உங்கள் வளாகத்துக்குள்ளேயே இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடக்கிற ஒன்று. பிரிவு பெரிதாக இருக்க வேண்டும். அப்புறம், பதில் 'ஒத்துக்கொள்கிறேன், மிகவும் ஒத்துக்கொள்கிறேன்' என்று இல்லாமல் நேற்று நடந்த காரியமாக இருக்க வேண்டும். காலையில் கல்லூரி வாசலில் நின்று பார். தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர், திசையன்விளை என்று விடியுமுன் கிளம்பி வந்தவர்கள் ஒரு பக்கம். விடுதியிலிருந்து முகம் கழுவிய ஈரத்தோடு நடந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். இவர்கள் நேற்று ராத்திரி எவ்வளவு தூங்கினார்கள்? இதற்கு முந்நூறு பேர் போதும்.

எண்கணக்கு · ஜனவரி 7

384 எல்லாம் சும்மா. 300 இருந்தால் பிழை 5.7 சதவீதம்தான், தாராளம். படிவம் தூக்கிக்கொண்டு அலையவே வேண்டாம். கூகுள் ஃபார்ம் ஒன்று போட்டு எல்லா வாட்ஸாப் குரூப்பிலும் தட்டிவிடுங்கள், இரண்டு நாளில் 500 வந்துவிடும். எண்ணிக்கை கூடக் கூடப் பிழை குறையும். இதுதான் புள்ளியியல்.

பாளை டீச்சர் · ஜனவரி 7

தம்பி சொல்வதில் முதல் பாதி சரி.

384 எங்கிருந்து வருகிறது என்று வழிகாட்டியிடம் பணிவாகச் சொல்லிப் பார். கிரெய்சியும் மோர்கனும் 1970-இல் போட்ட அட்டவணை அது. லட்சம் பேர், பத்து லட்சம் பேர் இருக்கிற கூட்டத்துக்குத்தான் 384. 1,400 பேர் உள்ள கல்லூரிக்கு அதே அட்டவணையில் 302 என்று போட்டிருக்கும். அட்டவணையைப் பிரித்து அந்த வரியை விரல் வைத்துக் காட்டு, ஒத்துக்கொள்வார்.

ஆனால் அந்த 302-ம் ஒரே ஒரு கேள்விக்குத்தான்: கல்லூரி முழுவதிலும் எத்தனை சதவீதம் பேர் இப்படி, என்று. நீங்கள் கேட்கப் போவது இரண்டு கூட்டத்துக்கு நடுவே வித்தியாசம். கூட்டத்துக்கு 150 பேர், தூக்கம் ஆளுக்கு ஆள் சுமார் ஒன்றேகால் மணி நேரம் முன்னே பின்னே இருக்கும் என்று வைத்தால், இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை 17 நிமிடம் கூடக் குறைய என்கிற துல்லியத்தில் சொல்லலாம். அரை மணி நேர வித்தியாசம் இருந்தால் தெளிவாகத் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வித்தியாசம் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இதையே சதவீதமாகக் கேட்டால் நிலைமை வேறு. 'ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினீர்களா, ஆம், இல்லை' என்று கேட்டால், அதே 150-க்கு 150-இல் பிழை 11 சதவீதப் புள்ளி வரை போகும். நிமிடமாக வந்திருக்க வேண்டிய தகவலை ஆம்-இல்லை என்று நறுக்கினால் கையிலிருக்கிற முந்நூறு பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாக்குகிறீர்கள். மணியைக் கேளுங்கள், நறுக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூகுள் ஃபார்ம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அந்த விஷயத்தில் தம்பியோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

கடையம் அண்ணாச்சி · ஜனவரி 8

நல்ல காரியம் செய்கிறீர்கள் டீச்சர். என் மகள் கடையத்திலிருந்து பாளைக்கு தினமும் போய் வருகிறாள். ஆறு மணி பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போச்சு. ஜங்ஷனில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். இந்த ரூட்டில் காலையில் இன்னும் ரெண்டு பஸ் விட்டால் என்ன? இந்த சர்வேயை அப்படியே போக்குவரத்து அதிகாரிகளுக்கு அனுப்பி பஸ் கேட்க முடியுமா? பிள்ளை பாவம், அம்பாசமுத்திரம் தாண்டினதும் கண்ணை மூடினால் ஜங்ஷனில் கண்டக்டர் எழுப்பித்தான் இறங்குகிறாளாம். அந்தத் தூக்கம்தான் அவளைக் காப்பாற்றுகிறது.

பாளை டீச்சர் · ஜனவரி 8

அண்ணாச்சி, பஸ் கேட்க மனுதான் எழுத வேண்டும். மாணவர் சர்வே அதற்குத் துணைக்கு வருமே தவிர அதுவே மனு ஆகாது. ஆனால் உங்கள் கடைசி இரண்டு வரி இந்தப் புராஜெக்ட்டையே மாற்றுகிறது.

பஸ்ஸில் தூங்குகிற ஒரு மணி நேரத்தை என்ன செய்வது? 'நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்' என்று மொட்டையாகக் கேட்டால், சிலர் அதைச் சேர்த்து எழுதுவார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். யார் சேர்த்தார், யார் விட்டார் என்று நமக்குத் தெரியாது. சிக்கல் என்னவென்றால் இந்தக் குழப்பம் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மட்டும் வரும், விடுதிக்காரர்களுக்கு வராது. எல்லோருக்கும் சமமாக வருகிற குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கூட்டத்துக்கு மட்டும் வருவது விடையையே சாய்த்துவிடும்.

அதனால் மொத்த மணி நேரத்தைக் கேட்காமல், ஒவ்வொன்றும் நடந்த வரிசையிலேயே கேளுங்கள். நேற்று இரவு விளக்கை அணைத்துப் படுத்தது எத்தனை மணிக்கு. தூங்க எவ்வளவு நேரம் ஆனது. இன்று எழுந்தது எத்தனை மணிக்கு. வீட்டை விட்டுக் கிளம்பியது எத்தனை மணிக்கு. கல்லூரி வாசலுக்கு வந்தது எத்தனை மணிக்கு. வழியில் தூங்கினீர்களா, தூங்கினால் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை. 'எத்தனை நிமிடம்' என்று கேட்டால் யோசிப்பார்கள். ஊர் பேரைக் கேட்டால் பட்டென்று வரும், நிமிடத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரவுத் தூக்கத்தையும் பஸ் தூக்கத்தையும் கூட்டுவதா, தனித்தனியாக வைப்பதா? எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. இரண்டு விதமாகவும் போட்டு அறிக்கையில் இரண்டையும் காட்டுங்கள் என்பேன். ஜன்னல் கம்பியில் தலை முட்டிக்கொண்டு தூங்குவது கட்டிலில் தூங்குவதற்கு ஈடாகாது. அண்ணாச்சி சொல்வதுபோல ஒன்றுமில்லாமலும் போகாது.

பாவூர்சத்திரத்துப் பிள்ளை · ஜனவரி 9

மேடம், வழிகாட்டி 302-க்கு ஒத்துக்கொண்டார்!

ஒரு சந்தேகம். எங்கள் விடுதியில் சுமார் 200 பேர். அதில் பெரும்பாலும் காலை ஷிப்ட். மதிய ஷிப்ட்டில் இருப்பவர்கள் அதிகம் பஸ்ஸில் வருகிறவர்கள்தான். இது பிரச்சினையா?

பாளை டீச்சர் · ஜனவரி 9

பிரச்சினைதான், பெரிய பிரச்சினை. இந்த ஒரு விவரத்தை வெளியூர் ஆராய்ச்சியாளர் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நீ கேட்டாய்.

ஒரு கைக்கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் வைத்தவை, உண்மையில் யாரையும் அளந்து எடுத்ததில்லை. காலை ஷிப்ட்காரர் யாராக இருந்தாலும் 6 மணி நேரம் தூங்குகிறார், மதிய ஷிப்ட்காரர் யாராக இருந்தாலும் 7 மணி நேரம் தூங்குகிறார் என்று வைப்போம். அதாவது விடுதியா பஸ்ஸா என்பதால் தூக்கம் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. இப்போது விடுதியில் 150 பேரிடம் படிவம் வாங்குகிறாய், அதில் 120 பேர் காலை ஷிப்ட், 30 பேர் மதியம். பஸ்காரர் 150 பேர், அதில் 50 பேர் காலை, 100 பேர் மதியம்.

சராசரி போட்டுப் பார். விடுதிக்கு 6 மணி 12 நிமிடம். பஸ்ஸுக்கு 6 மணி 40 நிமிடம். 28 நிமிட வித்தியாசம்! நான் முந்தாநாள் சொன்ன 17 நிமிடத்தைத் தாண்டிவிட்டது. கணினி 'இது தற்செயல் இல்லை' என்று நட்சத்திரம் போட்டுக் காட்டும். நீயும் 'பஸ்ஸில் வருகிறவர்களே அதிகம் தூங்குகிறார்கள், விடுதி தூக்கத்தைக் கெடுக்கிறது' என்று எழுதிவிடுவாய். அவ்வளவும் ஷிப்ட் செய்த வேலை.

ஆகவே ஷிப்ட்டுக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். காலை ஷிப்ட்டில் பஸ்ஸும் விடுதியும், மதிய ஷிப்ட்டில் பஸ்ஸும் விடுதியும், தனித்தனியாக. நான்கு பெட்டி, பெட்டிக்கு 75 பேர் என்று வைத்தால் ஒரு ஷிப்ட்டுக்குள் பிழை 24 நிமிடம் வரை ஏறும். அரை மணி நேர வித்தியாசம் அப்போதும் தெரியும். ஆனால் இதற்கு மேல் நறுக்கக் கூடாது. ஆண், பெண், முதலாண்டு, மூன்றாமாண்டு என்று பெட்டியைப் பெருக்கினால் பெட்டிக்கு இருபது பேர்கூட மிஞ்ச மாட்டார்கள்.

எண்கணக்கு · ஜனவரி 9

அப்படியென்றால் மதிய ஷிப்ட்டை விட்டுவிட்டு காலை ஷிப்ட்டை மட்டும் எடுத்தால் வேலை சுலபம்தானே?

பாளை டீச்சர் · ஜனவரி 9

எடுக்கலாம், தவறில்லை. தலைப்பில் 'காலை ஷிப்ட் மாணவர்' என்று எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மதிய ஷிப்ட் பிள்ளைகள் ராத்திரி எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்கிறார்கள் என்பதை யாராவது ஒருவர் எழுதி வைக்கட்டும் என்று எனக்கு ஆசை.

பாவூர்சத்திரத்துப் பிள்ளை · ஜனவரி 11

குழுவில் பேசினோம். என் தோழி ஒரு கேள்வி கேட்டாள், பதில் சொல்லத் தெரியவில்லை. "விடுதிப் பிள்ளைக்கு வீட்டு வேலை கிடையாது. நான் ராத்திரி பாத்திரம் கழுவி, காலையில் தண்ணீர் பிடித்துவிட்டு வருகிறேன். என் தூக்கம் குறைவது பஸ்ஸாலா வீட்டாலா?" என்கிறாள். இன்னொருத்தி காசு செலவில்லாமல் வர டவுன் பஸ்ஸாகவே மாறி மாறி வருகிறாள். 2021-இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் நேராக வருகிற புறநகர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கணும். அவளுக்குத் தூரம் குறைவு, நேரம் அதிகம்.

பாளை டீச்சர் · ஜனவரி 11

உன் தோழிதான் இந்தக் குழுவுக்குத் தலைவியாக இருக்க வேண்டும்.

இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். விடுதியும் பஸ்ஸும் என்கிற ஒப்பீட்டை விட்டுவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. விடுதிப் பிள்ளைக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் பயணம் மட்டுமா வேறு? சாப்பாடு வேறு, வேலை வேறு, கட்டணம் கட்ட முடிந்த குடும்பம் வேறு. இவ்வளவும் ஒன்றாக மாறும்போது எது தூக்கத்தைத் தின்றது என்று பிரிக்க முந்நூறு பேர் என்ன, மூவாயிரம் பேரும் போதாது.

வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். பேட்டை, மேலப்பாளையம், டவுன், கே.டி.சி. நகர் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். பாவூர்சத்திரம், களக்காடு, சங்கரன்கோவில் பிள்ளைகளுக்கு ஒன்றேகால் மணிக்கு மேல். இரண்டு பக்கமும் வீடு, இரண்டு பக்கமும் அம்மா சமையல், இரண்டு பக்கமும் வீட்டு வேலை. மாறுவது பெரும்பாலும் பயண நேரம். டவுன் பஸ் தோழி மாதிரி ஆட்களுக்காகத்தான் கிலோமீட்டரைக் கேட்காமல் கிளம்பிய மணியும் வந்த மணியும் கேட்கச் சொன்னேன், அதில் அவள் கணக்கும் சரியாக வந்துவிடும். 'நேற்று மாலை முதல் இன்று காலை வரை வீட்டில் நீங்கள் செய்த வேலைகள்' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடு. பாத்திரம், தண்ணீர், சமையல், கடை, மாடு, பீடி சுற்றுதல் என்று டிக் அடிக்கிற மாதிரி. நம் பக்கம் பீடித் தட்டு மடியில் இருக்கிற வீடுகள் எவ்வளவோ இருக்கின்றன. அதை விட்டுவிட்டு மாணவர் வாழ்க்கை என்று எழுத முடியாது.

இதிலும் ஊரும் நகரமும் என்கிற வித்தியாசம் மிச்சம் இருக்கிறது. அதை ஒத்துக்கொண்டு ஒரு பத்தி எழுதிவிடுங்கள்.

கடையம் அண்ணாச்சி · ஜனவரி 12

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை பாளையில் சேர்ந்து, பயணம் ஒத்துக்கொள்ளாமல் ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. இப்போது ஆழ்வார்குறிச்சியில் படிக்கிறது. அந்தப் பிள்ளையை யார் கேட்பார்கள்?

பாளை டீச்சர் · ஜனவரி 12

யாரும் கேட்க மாட்டார்கள் அண்ணாச்சி. இந்த சர்வேக்குள் அந்தப் பிள்ளை வர வழியே இல்லை. தூரத்திலிருந்து வந்து தாக்குப்பிடித்தவர்கள் மட்டும்தான் மூன்றாம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் பயணத்தின் பாதிப்பு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும். முதலாண்டிலும் மூன்றாமாண்டிலும் தூரத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அலுவலகத்தில் எண்ணிக்கை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். முகவரி தர மாட்டார்கள், தரவும் கூடாது. பஸ் பாஸ் எண்ணிக்கையாவது கிடைக்கலாம். கிடைத்தாலும் நின்றவர்கள் எதனால் நின்றார்கள் என்பது தெரியாமலேதான் இருக்கும்.

மனநூல் · ஜனவரி 17

எம்.எஸ்சி. உளவியல். தாமதமாக வருகிறேன், பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நீங்கள் சொந்தமாகக் கேள்வி தயாரித்தால் வைவாவில் 'இது சரிபார்க்கப்பட்ட அளவுகோலா' என்று கேட்டு மடக்குவார்கள். எப்வர்த் தூக்கக் கலக்க அளவுகோலைப் போடுங்கள். 1991-இல் வந்தது, எட்டே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று சொல்லிவிடலாம். முடிந்தது.

பாளை டீச்சர் · ஜனவரி 17

நல்ல அளவுகோல், மறுக்கவில்லை. எட்டுச் சூழ்நிலையையும் நம்மூர் வகுப்பில் வாசித்துப் பார்த்தாயா தம்பி? அதில் ஒன்று, காரில் ஒரு மணி நேரம் நிற்காமல் பயணியாகப் போகும்போது கண் அசருமா என்பது. இன்னொன்று, போக்குவரத்தில் கார் சில நிமிடம் நிற்கும்போது. மற்றொன்று, மது அருந்தாத மதிய உணவுக்குப் பிறகு அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது. இந்தக் கடைசியை ஒரு பெண்கள் வகுப்பில் வாசித்தால் சிரித்து ஓய்வதற்குள் பீரியட் முடிந்துவிடும். படிவத்தையே விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

காரை பஸ் என்று மாற்றினால் போச்சு என்பாய். அங்கேதான் சிக்கல். தூரத்துப் பிள்ளைக்கு பஸ்ஸில் தூங்குவது தினசரிப் பழக்கம், அண்ணாச்சி மகளைப்போல. அவள் அந்தக் கேள்விக்கு 3 போடுவாள், பேட்டைப் பிள்ளை 0 போடும். பகல் தூக்கக் கலக்கத்தில் இருவரும் சமமாக இருந்தாலும் தூரத்துப் பிள்ளைக்கு மூன்று மதிப்பெண் கூடிவிடும். நாம் ஒப்பிட வந்த பயணமே அளவுகோலுக்குள் புகுந்துகொள்கிறது. அப்புறம், ஒரு வரியை மாற்றிவிட்டால் பத்து என்கிற எல்லைக்கோடும் பழைய பொருளில் நிற்காது. அனுமதி வாங்க வேண்டிய அளவுகோல் என்பதையும் மறக்கக் கூடாது.

வைவாவில் கேட்டால் இதையே சொல்லட்டும். படுத்த மணி, எழுந்த மணி, கிளம்பிய மணி எல்லாம் மனநிலையை அளக்கிற அளவுகோல் இல்லை, நடந்த காரியம். கடிகாரம் பார்த்துச் சொல்கிறதற்கு, அளவுகோலின் நம்பகத்தன்மையைக் காட்டுகிற ஆல்ஃபா எண் தேவையில்லை.

மனநூல் · ஜனவரி 17

கார் கேள்வியை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் தூக்கக் கலக்கத்துக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே டீச்சர்? ஒருவன் ஐந்து மணி நேரம் தூங்கியும் தெம்பாக இருக்கலாம். மணிக்கணக்கு மட்டும் போதாது என்பது என் கருத்து, அதில் மாற்றமில்லை.

பாளை டீச்சர் · ஜனவரி 18

அது நியாயம். 'இன்று எந்தெந்த வகுப்பில் கண் அசந்தீர்கள்' என்று பீரியட் வாரியாக டிக் வைக்கலாம். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே பாடம். இது போதுமா என்று நீயும் உங்கள் ஆசிரியரும் சண்டை போட்டு முடிவு செய்யுங்கள்.

பாளை டீச்சர் · ஜனவரி 19

இப்போது கூகுள் ஃபார்ம் சண்டை. 500 பதில் வரும் என்று எண்கணக்குத் தம்பி சொன்னது உண்மை, வரும். யாரிடமிருந்து வரும்? உங்கள் துறை, உங்கள் தோழிகளின் துறை, ராத்திரி பதினொன்றுக்கும் ஆன்லைனில் இருப்பவர்கள். காலை நாலரைக்கு எழும் பிள்ளை அந்த லிங்க்கைப் பார்க்கும்போது தூங்கி விழும், நிரப்பாது. தூக்கத்தை அளக்கிற சர்வேயில் தூக்கம் குறைந்தவர்களே விடுபட்டுப் போவார்கள். எண்ணிக்கையை ஐயாயிரம் ஆக்கினாலும் இந்தப் பிழை குறையாது. நீங்கள் சொன்ன 5.7 சதவீதம், யாரைக் கேட்பது என்று நாம் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தால் மட்டுமே. தானாக வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

வகுப்புக்குப் போய் நாற்பது பேரிடமும் ஒரேயடியாக வாங்கினால்? அதிலும் ஒரு குறை. ஒரே வகுப்பு என்றால் ஒரே ஷிப்ட், ஒரே அசைன்மென்ட், ஒரே டெஸ்ட். பதில்கள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். எட்டு வகுப்பில் 320 வாங்கினால், அந்த ஒற்றுமை கொஞ்சமே இருந்தாலும் அது நூறு சொச்சம் தனித்தனி ஆட்கள் அளவுக்குத்தான் தேறும். எல்லா வகுப்புக்கும் போய் வருகைப் பதிவேட்டில் நான்காவது நம்பர், எட்டாவது நம்பர் என்று எடுங்கள். 1,400-இல் 350 பேர் வருவார்கள். விடுதிக்காரர் ஐம்பது பேரைக் கழித்தால் முந்நூறு. ஒரு வகுப்புக்குப் பத்துப் பேர்கூட வராது, ஆகவே மேலே சொன்ன குறை வெகுவாகக் குறைந்துவிடும். அருகில், தூரம் இரண்டும் சரிசமமாக வராது, பரவாயில்லை. அன்று வராத நம்பருக்குப் பக்கத்து நம்பரைப் பிடிக்காதீர்கள், மறுநாள் போய் அதே ஆளைப் பிடியுங்கள். வராமல் போனதே தூக்கத்தால் இருக்கலாம்.

முதல் பீரியட் வேண்டாம், தூரத்து பஸ் வந்து சேர்ந்திருக்காது. கடைசி பீரியடும் வேண்டாம், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எதையாவது கிறுக்கிவிட்டு ஓடுவார்கள். நடு பீரியட். திங்கட்கிழமை கேட்டால் ஞாயிறு ராத்திரித் தூக்கம் வரும், அது லீவு நாளின் கதை. செவ்வாய் முதல் வெள்ளிக்குள். இன்டர்னல் டெஸ்ட் வாரத்தை அறவே தவிர்க்கவும்.

பேராசிரியர் பக்கத்தில் நிற்கக் கூடாது. நான் வழிகாட்டிய ஒரு குழு, விடுதியில் வார்டன் முன்னிலையில் படிவம் கொடுத்தது. அந்த விடுதியில் பத்து மணிக்கு விளக்கணைப்பு. வந்த படிவம் அத்தனையிலும் 'படுத்த நேரம்: 10.00'. விடுதி விதியைத்தான் அளந்து வந்தார்கள். எல்லோரும் ஒரே வட்டமான எண்ணை எழுதியிருந்தால் அங்கே யாரோ பக்கத்தில் நின்றிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். பெயர், ரோல் நம்பர் எதுவும் எழுதக் கூடாது. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதற்குத் தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கணக்கு · ஜனவரி 20

சரி டீச்சர், நான்காவது நம்பர் விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நாலு பேர் முப்பத்தைந்து வகுப்புக்கு அலைய வேண்டும். யார் அனுமதி கொடுப்பார்கள்?

பாவூர்சத்திரத்துப் பிள்ளை · ஜனவரி 31

அனுமதி கிடைத்தது, முதல்வர் ஒரு கடிதம் கொடுத்தார். முதலில் எங்கள் வகுப்பில் மட்டும் சோதனையாகக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு பிரச்சினை. படுத்த நேரம் '12' என்று எழுதுகிறார்கள், இரவா பகலா என்று இல்லை. எக்செல்லில் எழுந்த நேரத்திலிருந்து படுத்த நேரத்தைக் கழித்தால் பலருக்கு ####### என்று வருகிறது.

பாளை டீச்சர் · ஜனவரி 31

படிவத்தில் மணியை எழுதச் சொல்லாதீர்கள். இரவு 8.30-இலிருந்து 3.00 வரை அரை மணிக்கு ஒரு கட்டமாக வரிசையாக அச்சடித்து, நடுவில் 'நள்ளிரவு' என்று ஒரு கோடு போடுங்கள். கட்டத்தில் டிக் அடித்தால் போதும். காலைக்கும் அதேபோல 3.30-இலிருந்து. அரை மணி போதுமா, கால் மணி வேண்டாமா என்று கேட்பாய். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை படுத்த நேரத்தைக் கால் மணித் துல்லியத்தில் நினைவு வைத்திருக்காது. இத்தனை பேர் சராசரியில் இந்தச் சில்லறை அடிபட்டுப் போகும்.

எக்செல்லில் 23:30-க்குப் படுத்து 04:30-க்கு எழுந்தவருக்குக் கழித்தால் எதிர்மறை எண் வரும், அதை நேரமாகக் காட்டத் தெரியாமல்தான் அந்த முள்வேலியைப் போடுகிறது. படுத்தது A, எழுந்தது B என்றால் C-இல் இதைப் போடு:

```
=MOD(B2-A2,1)*24*60
```

நிமிடமாக வரும். அந்தக் கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றிவிடு. மேலே சொன்னவருக்கு 300 வர வேண்டும். நள்ளிரவுக்கு முன் படுத்தவர் ஒருவர், பின் படுத்தவர் ஒருவர், இரண்டு வரியைக் கையால் கணக்குப் போட்டுச் சரிபார்த்துவிட்டு மீதிக்கு இழு. 180-க்குக் கீழேயோ 660-க்கு மேலேயோ வருகிற வரிகளை அழிக்காதே, அந்தப் படிவத்தை எடுத்துப் பார். பெரும்பாலும் டிக் தவறான கட்டத்தில் விழுந்திருக்கும், சிலது நிஜமாகவே அப்படித்தான் இருக்கும்.

கடையம் அண்ணாச்சி · பிப்ரவரி 1

என் மகளிடம் இந்தக் கேள்வியெல்லாம் கேட்டுப் பார்த்தேன். ராத்திரி பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறாள், பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பேட்டை வரை. வகுப்பில் கண் அசந்ததே இல்லையாம். அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள் டீச்சர்?

பாளை டீச்சர் · பிப்ரவரி 1

இரவு 360 நிமிடம். கல்லிடையிலிருந்து பேட்டை வரையிலான நேரம் தனிக் கட்டத்தில். வகுப்பில் டிக் இல்லை. மூன்றும் மூன்று இடத்தில் இருக்கட்டும் அண்ணாச்சி, ஒன்றை வைத்து இன்னொன்றை அடிக்க வேண்டாம். பஸ் தூக்கம் உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் வகுப்பில் எப்படி இருக்கிறார்கள் என்று தூரத்துக் கூட்டத்துக்குள்ளேயே பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உட்கார இடம் கிடைத்தவர், நின்றுகொண்டே வந்தவர் என்று ஒரு கேள்வியையும் இன்று சேர்க்கச் சொல்கிறேன், உங்கள் மகளுக்கு கடையத்தில் ஏறும்போதே சீட் கிடைத்துவிடுகிறது. முக்கூடல் விலக்கில் ஏறுகிற பிள்ளைக்கு அது கிடைக்காது.